கிரைண்டர் மாற்றிக் கொடுத்தும் இரண்டு முறை கெட்டுவிட்டது: விற்றவருக்கு மெயில் எப்படி எழுதுவது?

மீனாட்சி_மதுரை · 24 ஜூன் 2025, இரவு 9:40

வணக்கம். கோவைப் பக்கம் உள்ள ஒரு கடையின் சொந்த வலைத்தளத்தில் இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் வாங்கினேன். விலை 5,450 ரூபாய், ஜிபேயில் கட்டியாச்சு. மார்ச்சில் வந்தது கெட்டது, மாற்றினார்கள். அதுவும் கெட்டது, மறுபடி மாற்றினார்கள். போன சனிக்கிழமை மூன்றாவதும் போச்சு. போன் செய்தால், "உங்க வீட்டு வோல்டேஜ் சரியில்லம்மா, இன்னொண்ணு அனுப்பறோம்" என்கிறார்கள். எனக்கு நாலாவது வேண்டாம், பணம் வேண்டும். கீழே உள்ளதை அனுப்பலாமா?

"ஐயா, உங்கள் கம்பெனியை நம்பி வாங்கி நான் ஏமாந்தேன். மூன்று முறை இதே கதை. மாவு அரைக்க முடியாமல் நானும் என் குடும்பமும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. இப்படி விற்பதற்கு வெட்கமாக இல்லையா? உடனே பணத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன், எல்லா இடத்திலும் ரிவ்யூ போடுவேன்."

ராஜவேல் · 24 ஜூன், இரவு 10:02

அக்கா, எதற்கு இவ்வளவு யோசனை? ஒரு பொருள் மூன்று முறை கெட்டால் பணத்தைக் கட்டாயம் திருப்பித் தரணும் என்று சட்டமே இருக்கு. அந்த ஒரு வரியை மட்டும் எழுதுங்க, தானா வழிக்கு வருவாங்க. அது மட்டுமில்லை, ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் வாரண்டி புதுசா ஆரம்பிக்கும்.

சிங்கை_செல்வி · 24 ஜூன், இரவு 10:31

எங்களுக்கு ரைஸ் குக்கரில் இப்படி ஆனது. இங்கே சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து 'லெமன் லா' இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுதானால், வாங்கும்போதே அந்தப் பழுது இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பாடு. நான் அதைச் சொன்னதும் கடையில் பேச்சு மாறிவிட்டது. அங்கேயும் அப்படித்தானே இருக்கும்?

பழைய_கவுண்டர் · 24 ஜூன், இரவு 11:15

வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி ஒன்றில் புகார் மெயில்களுக்குப் பதில் எழுதுகிற வேலையில் பல வருடம் இருந்தவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததை வைத்துச் சொல்கிறேன்.

ராஜவேல் தம்பி, மூன்று முறை கெட்டால் கட்டாயம் பணம் என்று நம் சட்டத்தில் எண்ணிக்கை எதுவும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆணையம் பழுதை நீக்கச் சொல்லலாம், பொருளை மாற்றித் தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம், நஷ்ட ஈடும் போடலாம். எதைச் சொல்வது என்பது அவர்கள் முடிவு. இல்லாத சட்டத்தை மெயிலில் எழுதினால் படிக்கிறவன் சிரித்துவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவான். செல்வி சொல்கிற ஆறு மாதக் கணக்கு சிங்கப்பூருக்குச் சரி. இங்கே அதைக் காட்ட முடியாது.

மீனாட்சி அம்மா, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் இந்த மெயிலில் ஒரு தேதிகூட இல்லை. எங்களிடம் இப்படி வந்தால் "வருந்துகிறோம், எங்கள் குழு தொடர்பு கொள்ளும்" என்று ஒரு வரி போட்டு மூடிவிடுவோம், ஏனென்றால் அதில் மறுக்கவோ ஒப்புக்கொள்ளவோ எதுவுமே இருக்காது. எங்களுக்குக் கை நடுங்குவது வேறு மாதிரி மெயிலுக்கு: எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் நின்றது, யாரிடம் எப்படிச் சொன்னீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், அடுத்தது எப்போது வந்தது. அதை வரிசையாக எழுதியிருந்தால் அப்படியே மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும். நாளைக்கு ஆணையத்தில் அதே தாள்தான் முதல் பக்கமாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சில விஷயம் சொல்லுங்கள். மூன்றும் கெட்டது ஒரே மாதிரியா, வெவ்வேறு மாதிரியா? மூன்றின் சீரியல் நம்பரும் இருக்கிறதா? பில்லில் திரும்பப் பெறுவது பற்றி என்ன போட்டிருக்கிறது?

மீனாட்சி_மதுரை · 25 ஜூன், காலை 7:20

நன்றி சார். மூன்றும் ஒரே மாதிரிதான். உளுந்து நன்றாக அரைபடும். அரிசி போட்டுக் கெட்டியானதும் டிரம் மெதுவாகி நின்றுவிடும். மோட்டார் சத்தம் மட்டும் கேட்கும். ரப்பர் கருகின வாடை வரும். அடியில் மேடை மேல் கறுப்புப் பொடி கொட்டிக் கிடக்கும், துடைத்தால் கையில் மை மாதிரி ஒட்டும்.

சீரியல் நம்பர் முதல் இரண்டுக்கும் போட்டோவில் இருக்கிறது, அட்டைப்பெட்டியோடு எடுத்தது. மூன்றாவது வீட்டிலேயே இருக்கிறது. பில்லில் '7 நாட்களுக்குள் மட்டுமே திரும்பப் பெறப்படும்' என்றும், வாரண்டி அட்டையில் 'இரண்டு வருடம், பழுது நீக்கம் அல்லது மாற்றுப் பொருள்' என்றும் இருக்கிறது. பணம் என்ற வார்த்தையே இல்லை.

வயர்மேன்_சேகர் · 25 ஜூன், காலை 8:05

அக்கா, கறுப்புப் பொடி என்று சொன்னீங்களே, பாதி வேலை அதிலேயே முடிஞ்சுது. அது பெல்ட் தேய்ந்து கொட்டுவது. வோல்டேஜ் குறைஞ்சா என்ன ஆகும்? மோட்டாரே 'உம்ம்'னு முனகும், வேகம் குறையும், சூடாகும், ரொம்ப நேரம் விட்டால் காயில் கருகும். அந்த வாடை வேறே, வார்னிஷ் எரிஞ்ச மாதிரி இருக்கும். உங்க வீட்டில் மோட்டார் நல்லாச் சுத்துது, டிரம்தான் நிக்குது. அப்படின்னா மோட்டார் சக்தி டிரம்முக்குப் போய்ச் சேரலை, நடுவில் பெல்ட் நழுவுது. வோல்டேஜ் குறைந்தால் பெல்ட் இப்படித் தேய்ந்து கொட்டாது.

ஒரு சோதனை செய்து பாருங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு, கல்லை வெளியே எடுத்துட்டு, டிரம்மைக் கையால் சுத்துங்க. பெல்ட் இறுக்கமா இருந்தா மோட்டாரையும் சேர்த்து இழுக்கிற கனம் கையில் தெரியும். வழுக்கிட்டுச் சுத்தினா பெல்ட் தளர்ந்துடுச்சு. அடியில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம்.

பழைய_கவுண்டர் · 25 ஜூன், காலை 8:22

ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். 'கஸ்டமர் திறந்திருக்கிறார்' என்ற ஒரே வரியில் எங்கள் ஆட்கள் எத்தனையோ புகாரை முடித்திருக்கிறார்கள்.

வயர்மேன்_சேகர் · 25 ஜூன், காலை 8:30

சீல் ஒட்டியிருந்தால்தான் அந்தப் பேச்சு சார். நிறைய மாடலில் சீலே கிடையாது. திறக்காமல் காரணம் எப்படித் தெரியும்? புல்லி நேர்கோட்டில் இல்லையா, மோட்டார் போல்ட் லூசா, இல்லை நடுத்தண்டு வழியா மாவுத் தண்ணி இறங்கி பெல்ட் நனையுதா, எதுவா வேணா இருக்கலாம்.

பழைய_கவுண்டர் · 25 ஜூன், காலை 8:41

காரணத்தைக் கண்டுபிடிப்பது விற்றவர் வேலை, வாங்கினவர் வேலை இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினால் போதும்.

கமலா_பாட்டி · 25 ஜூன், காலை 10:10

பெல்ட்டுதானேம்மா? எங்க தெருவில் முன்னூறு ரூபாய்க்குள் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். எங்க கிரைண்டர் வாங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு, இரண்டு பெல்ட் மாற்றியிருக்கேன். அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும், தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். ஒரேயடியாக் கொட்டினா எந்த கிரைண்டரும் நிக்கும்.

மீனாட்சி_மதுரை · 25 ஜூன், காலை 10:35

பாட்டி, எங்கள் அம்மா வீட்டிலும் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் வாங்கி ஒரு மாதத்தில் பெல்ட் போவது வேறு கதை இல்லையா? நான் போடுவது மூன்று டம்ளர் அரிசிதான், கையேட்டில் உள்ள அளவுக்கும் குறைவு.

சேகர் தம்பி, சொன்ன மாதிரி சுற்றிப் பார்த்தேன், காற்றாடி மாதிரி சுற்றுகிறது. வீடியோ எடுத்துவிட்டேன். திறக்கவில்லை.

இன்னொன்று. மூன்றாவது வந்தபோதே டிரம் விளிம்பின் அடியில் காய்ந்த மாவு ஒட்டியிருந்தது. கம்பெனியில் சோதித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது பெட்டியைப் பார்த்தால் தயாரித்த மாதம் 10/2024 என்று இருக்கிறது. முதலில் வந்ததில் 01/2025. பின்னால் வந்தது முன்னால் செய்ததாக இருக்கிறதே?

பழைய_கவுண்டர் · 25 ஜூன், மதியம் 12:50

அம்மா, அதுதான் உங்கள் மெயிலில் கனமான வரி. வேறொரு வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியதைத் துடைத்து உங்களுக்கு அனுப்பியிருக்கலாம். பழைய ஸ்டாக்காகவும் இருக்கலாம், மாதம் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் 'பழசை அனுப்பி ஏமாற்றினீர்கள்' என்று எழுத வேண்டாம். என்ன பார்த்தீர்களோ அதை எழுதி, 'இது புதிய பொருளா என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள்' என்று கேளுங்கள். புதிது என்று பொய் எழுதவும் பயப்படுவார்கள், இல்லை என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது.

அப்புறம் அந்த 7 நாள். நிச்சயம் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். சரியாக வேலை செய்கிற பொருளைப் பிடிக்காமல் திருப்புவதற்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். பழுதுப் பொருளுக்கு வாரண்டி தனியாக இருக்கிறது. அதோடு 2020 இ-காமர்ஸ் விதிகளில், பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. சொந்த வலைத்தளத்தில் விற்கிறவருக்கும் அது உண்டு. குறைதீர் அதிகாரி ஒருவர் பெயரைத் தளத்தில் போட்டிருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். மெயிலை அவருக்கே அனுப்புங்கள். வாட்சப்பில் பேசியது எல்லாம் ஸ்க்ரீன்ஷாட்டாக இணைப்பில் போகட்டும்.

போனில் சொன்னதை எல்லாம் மெயிலில் 'இன்ன தேதியில் போனில் சொன்னீர்கள்' என்று எழுதிவிடுங்கள். அவர்கள் மறுக்காவிட்டால் பேச்சு பதிவான மாதிரிதான்.

ராஜவேல் · 25 ஜூன், மதியம் 1:15

சரி சார், ஒத்துக்கிறேன். ஆனா வாரண்டி புதுசா ஆரம்பிக்கும் என்பது சரிதானே? என் மிக்சிக்கு அப்படித்தான் செய்தார்கள்.

பழைய_கவுண்டர் · 25 ஜூன், மதியம் 1:40

சில கம்பெனி செய்யும். பெரும்பாலும் 'மீதமுள்ள காலத்துக்கு மட்டும்' என்று அட்டையில் இருக்கும். மீனாட்சி அம்மாவின் அட்டையில் எதுவுமே இல்லை என்றால் இரண்டு பக்கமும் வாதாடலாம். பணம் கேட்கிற மெயிலில் அந்தச் சண்டை வேண்டாம்.

மீனாட்சி_மதுரை · 25 ஜூன், இரவு 8:55

எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள், இன்று இரவே அனுப்பப் போகிறேன்.

---

பெறுநர்: குறைதீர் அதிகாரி
பொருள்: ஆர்டர் தேதி 3 மார்ச் 2025, டேபிள் டாப் கிரைண்டர் 2 லிட்டர். மூன்று பொருளும் ஒரே பழுது. ரூ. 5,450 திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மா,

3 மார்ச் 2025 அன்று மேற்படி கிரைண்டருக்கு ரூ. 5,450 செலுத்தினேன். நடந்தவை வருமாறு.

முதல் கிரைண்டர் 7 மார்ச் அன்று வந்தது. 29 மார்ச் அன்று அரிசி அரைக்கும்போது டிரம் நின்றது. அன்றே மெயில் அனுப்பினேன். 9 ஏப்ரல் அன்று மாற்றுப் பொருள் வந்தது. பழையதை உங்கள் கூரியர் ஆள் எடுத்துச் சென்றார், ரசீது இணைப்பில் உள்ளது.

இரண்டாவது கிரைண்டர் 11 மே அன்று அதேபோல் நின்றது. 12 மே அன்று வாட்சப்பில் வீடியோவுடன் தெரிவித்தேன். என் வீட்டு மின்சாரத்தில் கோளாறு இருக்கலாம் என்று பதில் வந்தது. ஆயினும் 26 மே அன்று அடுத்த பொருள் வந்தது.

மூன்றாவது கிரைண்டர் 21 ஜூன் அன்று அதேபோல் நின்றது. அன்று போனில் தெரிவித்தபோது, மின்னழுத்தமே காரணம் என்றும் நான்காவது பொருளை அனுப்புவதாகவும் சொன்னீர்கள்.

மூன்றிலும் மோட்டார் ஓடுகிறது, டிரம் சுற்றவில்லை, அடியில் கறுப்புப் பொடி கொட்டுகிறது, ரப்பர் கருகும் வாடை வருகிறது. மின் இணைப்பைத் துண்டித்துக் கையால் சுற்றினால் மூன்றாவதன் டிரம் தடையின்றிச் சுற்றுகிறது. இது மின்னழுத்தத்தால் வருவது என்றால் எப்படி என்று எழுத்தில் விளக்கவும். கையேட்டில் உள்ள அளவுக்கு மேல் நான் அரைக்கவில்லை.

மூன்றாவது பொருள் வந்தபோதே டிரம் விளிம்பின் அடியில் காய்ந்த மாவு இருந்தது. பெட்டியில் தயாரிப்பு மாதம் 10/2024 என்று உள்ளது. முதல் பொருளில் 01/2025. மூன்றாவது பொருள் புதியதா என்பதை உறுதி செய்யவும்.

இரண்டு முறை மாற்றியும் பழுது தீராததால் நான்காவது பொருளை ஏற்க மாட்டேன். ரூ. 5,450-ஐ 10 ஜூலை 2025-க்குள் நான் செலுத்திய அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பி, பொருளை உங்கள் செலவில் எடுத்துச் செல்லவும். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும், பிறகு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன்.

இணைப்பு: பில், வாரண்டி அட்டை, மூன்று சீரியல் எண்களின் படங்கள், கூரியர் ரசீதுகள், வாட்சப் உரையாடல், வீடியோ.

---

பழைய_கவுண்டர் · 25 ஜூன், இரவு 9:30

அனுப்புங்கள். 'எப்படி என்று எழுத்தில் விளக்கவும்', அது நன்றாக விழுந்திருக்கிறது. வீடியோ பெரிதாக இருந்தால் மெயில் திரும்பிவிடும், டிரைவ் இணைப்பாகப் போடுங்கள்.

சிங்கை_செல்வி · 25 ஜூன், இரவு 10:05

ஊரிலேயே வழக்குப் போட முடியுமா? கடை கோவையில்தானே?

பழைய_கவுண்டர் · 25 ஜூன், இரவு 10:20

2019 சட்டப்படி வாங்கியவர் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலும் போடலாம். பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சோதனைக்கூடத்துக்கு அனுப்பித்தான் பழுதைச் சொல்ல முடியும் என்று வந்தால் அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரிடம்தான் முதலில் கேட்பார்கள். ஐயாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால்தான் மூன்று பொருள், ஒரே அறிகுறி, தேதியோடு என்று அடித்துச் சொல்லச் சொன்னேன். அது இருந்தால் சோதனை இல்லாமலே பேச இடம் இருக்கிறது.

மீனாட்சி_மதுரை · 2 ஜூலை, மாலை 6:15

பதில் வந்தது. மறுநாளே 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு மெயில். நேற்று அடுத்தது: "நல்லெண்ண அடிப்படையில் பணம் தருகிறோம், பயன்படுத்திய காலத்துக்கு ரூ. 900 கழிக்கப்படும், கூரியர் செலவு உங்களுடையது." வோல்டேஜ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காய்ந்த மாவு பற்றியும் இல்லை.

ராஜவேல் · 2 ஜூலை, மாலை 6:40

வாங்கிட்டு விடுங்க அக்கா. 900-க்காக ஆணையத்துக்கு அலைய முடியுமா?

கமலா_பாட்டி · 2 ஜூலை, மாலை 7:05

எதுக்கு விடணும்? அரைச்சதைவிட நின்னதுதான் அதிகம். கழிக்கிறதுன்னா அவங்கதான் கொடுக்கணும்.

பழைய_கவுண்டர் · 2 ஜூலை, இரவு 8:30

பாட்டி சொல்வது நியாயம், தம்பி சொல்வது நடைமுறை. பயன்படுத்திய காலத்துக்குக் கழித்து உத்தரவு போட்ட ஆணையங்களும் உண்டு, முழுப் பணம் தரச் சொன்னவையும் உண்டு. இதில் எனக்கே உறுதி இல்லை. நான் என்றால், 'எந்த நிபந்தனையின்படி ரூ. 900 கழிக்கிறீர்கள், பில்லிலோ வாரண்டி அட்டையிலோ அது எங்கே உள்ளது' என்று ஒரு வரி கேட்பேன். முதல் பொருள் நின்றதிலிருந்து இரண்டாவது வரும்வரை 11 நாள், இரண்டாவது நின்றதிலிருந்து மூன்றாவது வரும்வரை 15 நாள் வீட்டில் கிரைண்டரே ஓடவில்லை என்பதையும் சேர்ப்பேன். 10 ஜூலை கெடு அப்படியே இருக்கட்டும். 'நல்லெண்ணம்' என்ற சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

மீனாட்சி_மதுரை · 8 ஜூலை, காலை 9:10

கேட்டேன். கூரியரை அவர்களே ஏற்கிறார்களாம், கழிவு 900-இலிருந்து 400 ஆனது. 5,050 வரும். வீட்டுக்காரர் ஒத்துக்கொள் என்கிறார், எனக்கு இன்னும் மனசு வரவில்லை. எப்படியானாலும் நாளை மறுநாள் எடுத்துப் போக ஆள் வருவதாகச் சொன்னார்கள். பணம் வருவதற்கு முன்னால் பொருளைக் கொடுக்கலாமா?

பழைய_கவுண்டர் · 8 ஜூலை, காலை 9:45

முழுப் பணம் கேட்டுப் பிடித்து நிற்பதா என்பது உங்கள் இஷ்டம். பொருளைக் கொடுப்பதென்றால், எத்தனை ரூபாய், எந்தத் தேதிக்குள் வரும் என்று மெயிலில் வாங்கிக்கொண்டு கொடுங்கள். வருகிற ஆளிடம் சீரியல் எண் எழுதின ரசீது கேளுங்கள். அவர் வெறும் பார்சல் எண் மட்டும் கொடுத்தால், பெட்டியை மூடும் முன் அடிப்பக்க ஸ்டிக்கரையும் பார்சல் எண்ணையும் ஒரே படத்தில் எடுத்துவிடுங்கள்.

வயர்மேன்_சேகர் · 8 ஜூலை, காலை 10:20

அக்கா, கல்லை டிரம்முக்குள்ளேயே வைத்து அனுப்பிடாதீங்க. வழியில் கல் ஆடி டிரம் நசுங்கினா 'கஸ்டமர் டேமேஜ்'னு அந்த 400-ஐ 1,400 ஆக்கிடுவாங்க. கல்லைத் தனியாத் துணியில் சுத்தி, டிரம்முக்குப் பக்கத்தில் அட்டை வைத்துக் கட்டுங்க. கட்டுகிறதையும் வீடியோ எடுங்க.

மீனாட்சி_மதுரை · 8 ஜூலை, காலை 10:32

சரி தம்பி. அந்தக் காய்ந்த மாவைத் துடைக்காமல் அப்படியே அனுப்பலாமா, துடைத்துவிடவா?

வயர்மேன்_சேகர் · 8 ஜூலை, காலை 10:34

அதைத் தொடவே தொடாதீங்க.